தண்ணி விழுதா என்று கேட்பவர் லைனில் இருக்கிறார்

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் குற்றாலத்து லாட்ஜ்களில் போன் ஓயாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் உச்சம். மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கமிருந்து சனி, ஞாயிறுக்குக் கிளம்ப நினைக்கிறவர்களும், ஆரியங்காவு, புனலூர் பக்கமிருந்து செங்கோட்டை வழியாக வருகிற மலையாளிகளும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்தான் கூப்பிடுவார்கள். ரிசப்ஷனில் இருப்பது ஒரே ஆள். அவர் காதில் ஒரு போன், எதிரே சாவிக்காக நிற்கிற ஒரு குடும்பம். மற்றவர்கள் எல்லாம் ஹோல்டில்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் காதில் என்ன விழுகிறது, அதைக் கேட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் விஷயம்.

தென்காசியில் இண்டர்காம், இபிஏபிஎக்ஸ் பெட்டிகளை மாட்டிக்கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். ஆஸ்பத்திரி, ரைஸ்மில், ஜவுளிக்கடை, லாட்ஜ் என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். பெட்டி வாங்க மணிக்கணக்கில் பேரம் பேசுகிற முதலாளிகள், அந்தப் பெட்டி பேசப்போகிற வாசகத்துக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. ‘ஏதாவது நல்லதா போட்டுருங்க அண்ணாச்சி’ என்பார்கள். அதனால் ஊரெல்லாம் ஒரே வாசகம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தருவி போகிற சாலையில் உள்ள ஒரு லாட்ஜிலும் அதுதான் இருந்தது. கிட்டத்தட்ட இப்படி:

“வணக்கம். எங்கள் விடுதியைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. இயற்கை எழில் கொஞ்சும் குற்றாலத்தில் அனைத்து நவீன வசதிகளுடன் உங்களை அன்புடன் வரவேற்கிறோம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் தற்போது பிற வாடிக்கையாளர்களுடன் உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்கவும்.”

பிறகு நாதஸ்வரம். பிறகு இதே வாசகம் ஆங்கிலத்தில். பிறகு மறுபடி நாதஸ்வரம்.

இதில் பொய் எதுவும் இல்லை, பிரதிநிதிகள் ‘அனைவரும்’ என்பதைத் தவிர. ஆனால் ஒவ்வொரு வரியையும் கேட்டவுடன் கூப்பிட்டவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டுப் பாருங்கள். நன்றி என்றதற்குச் செய்ய ஒன்றுமில்லை. எழில் கொஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை. கடைசி வரி ஒன்றுதான் வேலை சொல்கிறது. அதுவும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

வாசகம் வேலை செய்யவில்லை என்பதை யாரும் வந்து புகார் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. கூப்பிட்டுப் பார்த்து வெறுத்தவர் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். பெட்டியில் பதிவாகும் கால் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த லாட்ஜில் நான் முதலில் செய்தது அதுதான். ஒரே நம்பர் சில நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை வந்திருந்தால், அவர் ஒவ்வொரு தடவையும் வாசகத்தைக் கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, மறுபடி அதிர்ஷ்டம் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வாசகம் முடிந்து இசை தொடங்கும் இடத்தில் நிறையப் பேர் வைத்திருந்தால் அந்த இடத்தில் நம்பிக்கை போயிருக்கிறது. வாய்ஸ் மெயில் பெட்டியில் ‘ஹலோ... ஹலோ... ரூம் இருக்கா சார்... ஹலோ’ என்று மட்டும் குரல்கள் சேர்ந்திருந்தால், எதிரே பேசுவது ஆள் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த லாட்ஜில் இந்த மூன்றும் இருந்தன.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் வாய்ஸ் மெயில் ஒருநாளும் பழக்கத்துக்கு வரவில்லை. செல்போன் வந்த காலத்திலிருந்து நமக்குத் தெரிந்தது மிஸ்டு கால். எடுக்கவில்லையா, வைத்துவிடு, அவர்கள் பார்த்துக் கூப்பிடுவார்கள். இயந்திரத்திடம் பேசிவிட்டு வைப்பது என்பது பலருக்குக் கூச்சம், மிச்சப் பேருக்குக் குழப்பம். வாசகம் ‘வணக்கம்’ என்று மலர்ச்சியாகத் தொடங்கினால் பெரியவர்கள் ‘வணக்கம்மா, நாங்க ராஜபாளையத்துல இருந்து பேசுதோம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்போது வாசகத்தில் பாதி போயிருக்கும். அதனால் என் வாசகங்களில் ஊர்ப் பெயர், இடத்தின் பெயர் ஆனதும் இரண்டாவது வரியே ‘இது ரெக்கார்டு பண்ணின குரல்’ என்பதுதான். அழகு குறைவுதான். ஆனால் எதிரே இருப்பவர் பேசுவதை நிறுத்திக் கேட்க ஆரம்பிக்கிறார்.

வாசகம் எழுதும் முன் அந்த ரிசப்ஷன் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற ஒவ்வொரு போனிலும் முதல் கேள்வி என்ன என்று மட்டும் குறித்துவைக்கச் சொன்னேன். ‘எழுதவே வேண்டாம் அண்ணாச்சி, எல்லாரும் ஒண்ணத்தான் கேக்காவ: தண்ணி விழுதா?’ என்றார். நோட்டும் பெரும்பாலும் அதையே சொன்னது. தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா. அடுத்ததுதான் ரூம். பிறகு, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் உண்டா. நவீன வசதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆக, கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. அருவி நிலவரம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர் ஒருவர். அவரை ரிசப்ஷன் வரைக்கும் கொண்டுபோகவே தேவையில்லை. ரூம் வேண்டும் என்பவர் இன்னொருவர். அவரை விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று சொன்னால் போதும். கடைசியில் நின்ற வாசகம் இது:

“குற்றாலம், ஐந்தருவி ரோடு,” என்று தொடங்கி லாட்ஜ் பெயர். “இது ரெக்கார்டு பண்ணின குரல். அருவி நிலவரம் மட்டும் தெரியணும்னா ஒண்ணாம் நம்பரை அமுக்குங்க. ரூமுக்குன்னா எதையும் அமுக்க வேண்டாம், லைன்லேயே இருங்க, வரிசைப்படி எடுப்பாங்க. காத்திருக்க முடியாதுன்னா இப்பவே வச்சிடுங்க. உங்க நம்பர் எங்களுக்கு வந்திருச்சு. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள நாங்களே கூப்பிடுறோம். சைபர் நாலு ஆறு மூணு மூணுன்னு ஆரம்பிக்கிற நம்பர்ல இருந்து கால் வரும், எடுங்க.”

முதல் வரி ஊரும் தெருவும். நம்பரைத் தப்பாக அழுத்தியவர் அங்கேயே வைத்துவிடலாம். சரியாக வந்தவருக்கு அது உறுதி. ஒரே பெயரில் இரண்டு மூன்று லாட்ஜ் இருக்கிற ஊரில் தெருப்பெயர் சொல்வது வீண் இல்லை.

காரியத்தை முதலில் சொல்லி, நம்பரைப் பிறகு சொல்ல வேண்டும். ‘ஒன்றை அழுத்தினால் அருவி நிலவரம், இரண்டை அழுத்தினால் முன்பதிவு’ என்று மொழிபெயர்த்த வாசகங்களில் வரும். கேட்கிறவர், தனக்கு எது வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே ‘ஒன்று’ என்பதை ஞாபகத்தில் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. ‘அருவி நிலவரத்துக்கு ஒண்ணு’ என்றால், தன் காரியம் காதில் விழுந்த பிறகு வருகிற எண்ணை மட்டும் பிடித்தால் போதும்.

எதையும் அமுக்காமல் இருப்பதுதான் பெரிய கூட்டத்துக்கான வழியாக இருக்க வேண்டும். பழைய லேண்ட்லைனில் கையிலேயே பொத்தான் இருந்தது. இன்றைய போனில் காதிலிருந்து எடுத்து, திரையை உயிர்ப்பித்து, எண் பலகையைத் திறந்து, கண்ணாடியைத் தேடி அமுக்க வேண்டும். பெட்டிகளில் பொதுவாக மூன்று நான்கு விநாடிதான் பொறுக்கும்படி அமைத்திருக்கும். அதற்குள் முடியாது. குறைந்தது எட்டு விநாடி என்று மாற்றிவைப்பேன். அப்படியும் அமுக்காதவருக்கு ‘தவறான உள்ளீடு’ என்று சொல்லி லைனை வெட்டுகிற பழக்கம் சில பெட்டிகளில் உண்டு. அதை முதல் வேலையாக அணைத்துவிட்டு, அவரை நேரே ரிசப்ஷன் வரிசைக்கு அனுப்ப வேண்டும்.

‘வச்சிடுங்க’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வதா என்று முதலாளி முகம் சுளித்தார். மிஸ்டு கால் நம் ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழி. அதற்கு நாம் ஒரு நேரக் கெடுவும் ஒரு வாக்கும் சேர்க்கிறோம், அவ்வளவுதான். ஆனால் இந்த வரியைப் பதிவு செய்யும் முன் ஒன்றைச் சோதித்தாக வேண்டும். சில பெட்டிகளில் ரிசப்ஷன் எடுத்துப் பேசிய கால்களின் நம்பர் மட்டும்தான் பதிவாகும். ஹோல்டில் இருந்து பாதியில் வைத்தவரின் நம்பர் நிற்காது. அப்படிப்பட்ட பெட்டியில் ‘உங்க நம்பர் வந்திருச்சு’ என்பது பச்சைப் பொய். வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, வாசகம் ஓடும்போதே வைத்துவிட்டு, பட்டியலில் அந்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

கடைசி வரியைத்தான் பலர் தேவையில்லை என்று நினைப்பார்கள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வருகிற கால்களால் தெரியாத நம்பரை யாரும் எடுப்பதில்லை. நாம் சொன்னபடி திரும்பக் கூப்பிட்டாலும் அவர் எடுக்காவிட்டால் ரூம் போயிற்று. 04633 தென்காசியின் எஸ்டிடி எண். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கால் வரும்போது அடையாளம் தெரிகிறது. முழு நம்பரையும் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் எல்லா இலக்கத்தையும் எழுதிக்கொள்ள மாட்டார். ரிசப்ஷன் ஆள் தன் செல்போனிலிருந்து திரும்பக் கூப்பிடுகிற வழக்கம் இருந்தால், ஒன்று அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும், அல்லது வாசகத்தை மாற்ற வேண்டும்.

ஹோல்டில் இருக்கிறவருக்கு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை இன்னொரு சின்ன வாசகம் வரும்: “இன்னும் லைன்லதான் இருக்கீங்க. எடுத்ததும் மூணு விஷயம் கேப்பாங்க. என்னைக்கு வர்றீங்க, எத்தனை பேர், எத்தனை நாள்.” இது காத்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கிறது. வீட்டுக்காரியிடம் கேட்டு, மாமனார் வருகிறாரா இல்லையா என்று முடிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். பேச்சும் சுருங்குகிறது, அடுத்தவர் காத்திருப்பதும் குறைகிறது. வாடகையை மட்டும் வாசகத்தில் வைக்காதீர்கள். சீசனில் அது வாரத்துக்கு வாரம் மாறும். பழைய தொகையைக் கேட்டுவிட்டு வருகிறவர் கவுண்டரில் சண்டை போடுவார், நியாயமாகவே.

இனி அருவி நிலவரம். இதுதான் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி.

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலவரம். ஒன்றில் தடை இருக்கும்போது மற்றொன்றில் குளித்துக்கொண்டிருப்பார்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் போலீஸார் ஆட்களை இறக்கிவிடுவார்கள், குறைந்ததும் திறப்பார்கள். மேலே மலையில் பெய்கிற மழை கீழே வெயில் அடிக்கும்போதும் வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. சீசனே தொடங்காத கோடை நாள் அது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த நாள் காலையில் யாராவது ‘தண்ணீர் நன்றாக விழுகிறது, குளிக்கலாம்’ என்று பதிவு செய்து வைத்திருந்தால், வெள்ளம் வந்த பிறகும் அந்தக் குரல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

எனவே சில கட்டுப்பாடுகளை வைத்தோம். ‘குளிக்கலாம்’ என்று பதிவுக் குரல் ஒருபோதும் சொல்லாது. தடை இருந்தால் தடை என்று சொல்லும்; இல்லையென்றால் தண்ணீர் எப்படி விழுகிறது என்று சொல்லும். கிழமையும் மணியும் முதலில் வரும். ரிசப்ஷன் பெண் தன் குரலிலேயே காலையிலும் மாலையிலும் பதிவு செய்வார்: “சனிக்கிழமை காலை ஏழு மணி நிலவரம். பேரருவியில் குளிக்கத் தடை. ஐந்தருவியில் தண்ணி நல்லா விழுது. இது எப்ப வேணும்னாலும் மாறலாம். அருவிக்கரையில நிக்கிற போலீஸ்காரங்க சொல்றதுதான் கடைசி.” காலைப் பதிவு நண்பகலில் பழசாகிவிடும். புதிதாகப் பதிவு செய்ய ஆள் இல்லையென்றால் ஒண்ணாம் நம்பரையே அணைத்துவிட்டு, அந்த வரி இல்லாத இன்னொரு வாசகத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு பதிவுகளும் பெட்டியில் தயாராக இருக்கும். மாற்றுவது ரிசப்ஷன் போனிலிருந்தே சில பொத்தான்கள்தான். அந்தப் பொத்தான் வரிசையை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். எழுதி வைக்காவிட்டால், அது தெரிந்த ஆள் விடுப்பில் போகும் நாளில்தான் வெள்ளம் வரும்.

பழைய பதிவு எவ்வளவு எரிச்சல் தரும் என்பதற்கு நாடு முழுவதும் கேட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் சத்தமும் கொரோனா எச்சரிக்கையும் வந்தன. அடுத்த ஆண்டு அது ‘தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்’ என்று மாறியது. 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. போட்டுக்கொள்ள ஊசியே கையிருப்பில் இல்லாதபோது, ஒவ்வொரு காலிலும் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒலிக்கவிடுவதில் என்ன பொருள் என்பதுதான் நீதிபதிகளின் கேள்வி. கேட்கிறவர் செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லுகிற வாசகம், வாசகமே இல்லாததைவிட மோசம். ‘எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு அந்தத் தளத்தை இரண்டு சீசனாக யாரும் திறந்தே பார்க்காத லாட்ஜ்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ராத்திரி வாய்ஸ் மெயிலுக்கு வருவோம். பழையது, ‘அலுவலக நேரம் முடிந்துவிட்டது, உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும்’ என்றது. என்ன செய்தியை? கூப்பிட்டவருக்குத் தெரியாது, அதனால்தான் அந்த ‘ஹலோ’க்கள். புதியது:

“ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ரிசப்ஷன்ல ஆள் கிடையாது. இது ரெக்கார்டு பண்ணின குரல். லாட்ஜ் வாசல்ல நின்னுக்கிட்டு கூப்பிடுறீங்கன்னா, கேட் பக்கத்துல பெல் இருக்கு, அடிங்க, வாட்ச்மேன் திறப்பார். ரூம் வேணும்னா, பீப் சத்தம் கேட்டதும் உங்க பேர், வர்ற தேதி, எத்தனை பேர், இந்த மூணு மட்டும் சொல்லிட்டு வச்சிடுங்க. காலை எட்டு மணிக்குள்ள கூப்பிடுறோம்.”

வாசலில் நிற்பவருக்கு முதல் இடம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் நடுராத்திரியில் வேனில் வந்து இறங்குவார்கள். கேட் பூட்டியிருக்கும். போர்டில் உள்ள நம்பருக்குத்தான் போன் போடுவார்கள். வாசகம் முழுவதையும் கேட்கிற பொறுமை அந்த நேரத்தில் யாருக்கும் இராது. அவசரம் அதிகமாக உள்ளவர் முதலில் என்பதுதான் வரிசை. ஒரு கிளினிக்குக்கு எழுதினால், பெயருக்கு அடுத்த வரி ‘மூச்சுத் திணறல், நெஞ்சுவலின்னா இதை வச்சிட்டு 108-க்குக் கூப்பிடுங்க’ என்றுதான் இருக்கும். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் பிறகு.

மூன்று விவரத்துக்கு மேல் கேட்காதீர்கள். போன் நம்பரையும் கேட்க வேண்டாம், அது பட்டியலில் இருக்கிறது. ‘எட்டு மணிக்குள்’ என்று சொல்லும் முன், காலையில் வந்து யார் இந்தப் பெட்டியைக் கேட்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். அந்த லாட்ஜில் ஆறு மணிக்கு வருகிறவருக்கு அதுதான் முதல் வேலை, டீக்கு முன்னால். கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். பெட்டி நிறைந்துவிட்டால் பீப் வராது. வாசகம் பீப்புக்காகக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மௌனமாக நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு சின்ன விஷயம். லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு தொடங்கலாம். சரிபார்க்கும் எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போன் காலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிறகு ‘இதே நம்பருக்கு வாட்ஸ்அப்பில் தேதியை அனுப்புங்க’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சரிபார்ப்புக் கால் வரும் நேரத்தில் பெட்டியின் பதிவுக் குரலை அணைத்துவைத்து, ஆள்தான் போனை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இயந்திரமும் நம் இயந்திரமும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருக்கும்.

இசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹோல்டில் இசை என்பது அமெரிக்காவில் ஆல்பிரட் லெவி என்ற தொழிற்சாலை முதலாளியின் யோசனை. அவருடைய போன் லைனில் ஒரு தளர்ந்த கம்பி கட்டடத்தின் இரும்பில் பட்டு, பக்கத்து ரேடியோ நிலையத்தின் இசை காத்திருப்பவர் காதில் விழுந்ததாம். அதைப் பார்த்து 1962-ல் விண்ணப்பித்து, 1966-ல் காப்புரிமை வாங்கினார். கம்பி லைன் காலத்துக்கு அது சரி. வழக்கமான போன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும். அதோடு செல்போன் மனிதப் பேச்சுக்கென்றே அமைந்த முறையில் ஒலியைச் சுருக்குகிறது. நாதஸ்வரம் பேச்சு அல்ல. இரைச்சல் என்று நினைத்து அதை வெட்டி வெட்டி அனுப்பும். லாட்ஜில் நன்றாகக் கேட்டது, கூப்பிட்டவர் காதில் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்தவர்கள் உண்டு. முழு மௌனமும் கூடாது, கட்டாகிவிட்டது என்று நினைப்பார்கள். சில விநாடிக்கு ஒரு மெல்லிய ‘டிங்’, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சின்ன வாசகம், அது போதும். பேச்சுக்கு அடியில் இசையை ஓடவிடுவது மட்டும் கூடவே கூடாது.

அந்த 3,400 எல்லையால் ‘ஸ’, ‘ஃப’ போன்ற காற்றொலிகள் மங்கிவிடும். ஆங்கிலத்தில் ஃபைவ், நைன் என்று சொன்னால் குழம்பும். அதனால்தான் எண்களைத் தமிழிலேயே, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு. பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். லாட்ஜிலேயே மெத்தையும் கனத்த திரையும் உள்ள ரூம், மின்விசிறி நிறுத்தி, கதவு சாத்தி, செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். பெட்டிகள் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் கொண்ட வேவ் கோப்பைத்தான் ஏற்கும். கணினியில் இப்படி மாற்றலாம்:

```
ffmpeg -i hold.m4a -ar 8000 -ac 1 -c:a pcm_s16le hold.wav
```

மலையாள வாசகம் அந்த லாட்ஜில் வேலை பார்க்கும் புனலூர்க்காரர் குரலில், தமிழுக்குப் பின்னால் வருகிறது. ‘தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு இரண்டு’ என்று தொடக்கத்திலேயே கேட்பதை நான் விரும்புவதில்லை. மெதுவாகப் பேசின தமிழ் அவர்களுக்குப் பெரும்பாலும் புரிகிறது. புரியாதவர் சில விநாடி பொறுத்தால் தன் மொழி வந்துவிடும். அந்த வாசகம் தமிழின் மொழிபெயர்ப்பாக இருக்கவில்லை. அவர் தன் ஊர்க்காரரிடம் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லச் சொன்னேன்.

சோதிக்கிற விதம்தான் முக்கியம். கணினியில் போட்டுக் கேட்டு ‘நல்லாருக்கு’ என்று தலையாட்டினால் ஒன்றும் தெரியாது. தென்காசி பஸ் ஸ்டாண்டில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, உண்மையான போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாசகத்தோடு சம்பந்தமில்லாத ஆட்களிடம் கொடுக்க வேண்டும். முதலாளியின் அம்மாவிடமும் ஓர் ஆட்டோக்காரரிடமும் கொடுத்தோம். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். ‘இப்ப என்ன செய்வீங்க?’ என்று கேட்க வேண்டும். முதல் வரைவில் திரும்பக் கூப்பிடும் நேரமாக ‘விரைவில்’ என்று இருந்தது. அந்த அம்மா, ‘போனைக் கையிலேயே வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்’ என்றார். ஒன்பது மணி என்று மாற்றியதும், ‘அதுக்குள்ள தோசை சுட்டுருவேன்’ என்றார். மாற்றம் சரி என்று அங்கே தெரிந்தது.

வாசகத்தால் ஆகாதவையும் உண்டு. லாட்ஜுக்கு ஒரே ஒரு லைன்தான் என்றால், இரண்டாவதாகக் கூப்பிடுபவருக்கு எங்கேஜ்டு சத்தம்தான் வரும். நீங்கள் எவ்வளவு அருமையாக எழுதினாலும் அது அவர் காதை எட்டாது. முதலில் ஹண்டிங் வசதியோடு இரண்டு மூன்று லைன், அல்லது ஒரே நம்பரில் பல கால் எடுக்கிற கிளவுட் சேவை வேண்டும். வரிசையில் எத்தனையாவது ஆள் என்று சொல்வதும் அந்தச் சேவைகளில்தான் சுலபம். சின்னப் பெட்டிகளில் முயல வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள் என்றால், அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்னோர் ஆளை உட்கார வையுங்கள். அது வாசகம் தீர்க்கிற நோய் அல்ல.

அந்த லாட்ஜில் ஒரே நம்பர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது நன்றாகக் குறைந்தது. ராத்திரிப் பதிவுகளில் பேரும் தேதியும் வர ஆரம்பித்தன, நடுவே ஒன்றிரண்டு ‘ஹலோ’க்கள் இன்னும் உண்டு. அருவி நிலவரத்தை ஒண்ணாம் நம்பரில் கேட்டுவிட்டு வைக்கிறவர்கள்தான் இப்போது அதிகம். ரிசப்ஷன் பெண்ணுக்கு அதுவே பெரிய நிம்மதி.

உங்களுக்கும் கடையோ கிளினிக்கோ இருந்தால், இன்றைக்கு ராத்திரி அடைத்த பிறகு வேறொருவர் போனிலிருந்து உங்கள் நம்பருக்கே கூப்பிடுங்கள். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்டவர் உடனே செய்யக்கூடிய காரியம் எந்த வரியில் இல்லையோ, அந்த வரியை நாளைக் காலையில் எடுத்துவிடுங்கள்.